பந்தின் நிறத்தை மாற்றுமுன் ஆட்டம் தொடங்கும் நேரத்தை மாற்றுங்கள்

கொழும்பில் வார இறுதிக் கடினப்பந்துத் தொடர்களை நடத்தும் கழகங்களுக்கும் ஏற்பாட்டுக் குழுக்களுக்கும்,

வணக்கம்.

அடுத்த பருவத்துக்கு உங்களில் சிலர் பிங்க் பந்து வாங்கத் தீர்மானித்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். பின்னேரம் வெளிச்சம் குறையும்போது ஆட்டத்தை நிறுத்த வேண்டியிருக்காது, சிவப்புப் பந்தைவிட அது நன்றாகத் தெரியும் என்பதுதான் காரணமாம். வார இறுதிகளில் நடுவராக நிற்பவன் என்ற முறையில் இந்தத் தீர்மானத்தைக் கொஞ்சம் ஆறப்போடும்படி கேட்கவே இதை எழுதுகிறேன். பிங்க் பந்து கெட்ட பந்து அல்ல. ஆனால் உங்கள் அட்டவணையில் இருக்கும் பிரச்சினைக்கு அது மருந்து அல்ல.

முதலில் ஒரு விஷயம். பந்து கண்ணுக்குத் தெரிவது அதன் நிறத்தால் மட்டுமல்ல. அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதும் சேர்ந்துதான் அதைத் தீர்மானிக்கிறது. பின்னணியைவிடப் பந்து தெளிவாக இருண்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் தெளிவாக வெளுத்திருக்க வேண்டும். நிறம் வேறாக இருந்து, வெளிச்ச அளவு மட்டும் இரண்டுக்கும் ஒன்றாக இருந்தால், அசையாமல் கிடக்கும் பந்தை நாம் எளிதாகக் கண்டுபிடித்துவிடுவோம். ஓடி வரும் பந்தில்தான் சிக்கல். அசைவையும் வேகத்தையும் கணிக்கும் வேலையை நமது பார்வை பெரும்பாலும் வெளிச்ச வித்தியாசத்தை வைத்தே செய்கிறது. அந்த வித்தியாசம் சுருங்கும்போது பந்து உண்மையான வேகத்தைவிட மெதுவாக வருவதுபோல் தோன்றும், அல்லது இடையில் ஒரு கணம் காணாமல் போகும். "பந்து தெரிஞ்சது, ஆனா எப்ப வந்ததெண்டு தெரியேல்ல" என்று களத்தடுப்பாளர்கள் சொல்வதில் பொய் இல்லை.

சிவப்பு எப்படி வந்தது என்பது இதிலிருந்தே விளங்கும். பகல் வெயிலில், பந்துவீச்சாளருக்குப் பின்னால் எல்லையில் நிற்கும் வெள்ளைத் திரைக்கு முன்னால் கடும் சிவப்புப் பந்து நன்றாக இருண்டு தெரியும். வெளிர்ந்த ஆடுகளத்தில் விழும்போதும் அப்படித்தான். புல்லுக்கு எதிரில் வெளிச்ச வித்தியாசம் குறைவு, ஆனால் வெயில் இருக்கும்வரை சிவப்புக்கும் பச்சைக்கும் உள்ள நிற வேறுபாடு அதை ஈடுகட்டும். இன்னொரு அனுகூலம், சிவப்புச் சாயம் தோலுக்குள் இறங்கி நிற்பது. மேல் மெருகு போனாலும் உள்ளே இருப்பதும் சிவப்புத்தான். டெஸ்ட் போட்டியில் ஒரே பந்தை 80 ஓவர் வரை வீச முடிவதற்கு அதுவும் ஒரு காரணம்.

வெள்ளை வந்தது மின்விளக்கோடு. 1977 இறுதியில் அவுஸ்திரேலியத் தொலைக்காட்சி முதலாளி கெரி பெக்கரின் தனியார் தொடர் மெல்பேர்னில் இரவு ஆட்டத்தைத் தொடங்கியபோது வெள்ளைப் பந்தைக் கையில் எடுத்தார்கள். மின்னொளியில் சிவப்புப் பந்து பழுப்பு நிறமாகத் தெரியும், ஆடுகளத்தோடு கலந்துவிடும். வெள்ளைக்கு அந்தப் பிரச்சினை இல்லை. ஆனால் வெள்ளைப் பந்து தனியாக வரவில்லை, வரவும் முடியாது. வெள்ளை உடைக்கு முன்னால் அது மறையும், வெள்ளைத் திரைக்கு முன்னால் சுத்தமாக மறையும். அதனால் திரை கறுப்பானது, உடை நிறமானது. 1992 உலகக் கிண்ணத்தில் நிற உடை, வெள்ளைப் பந்து, கறுத்த திரை எல்லாம் ஒன்றாக வந்ததற்குக் காரணம் தொலைக்காட்சி மினுக்கம் மட்டுமல்ல.

வெள்ளையின் பலவீனம் அதன் தோலில் இருக்கிறது. சிவப்புப் பந்து சாயம் தோய்த்த துணி என்றால் வெள்ளைப் பந்து சுண்ணாம்பு அடித்த சுவர். மேல் பூச்சு தேயத் தேய அழுக்கும் புல்லின் பச்சையும் ஏறும். ஒருநாள் போட்டியில் இதற்காகவே விதிகளைத் திரும்பத் திரும்ப மாற்றியிருக்கிறார்கள். 2007 இல் 34 ஓவர் முடிவில் பந்தைக் கட்டாயம் மாற்ற வேண்டும் என்றார்கள். 2011 இல் இரண்டு முனையிலும் தனித்தனிப் புதுப் பந்து வந்தது, அதாவது ஒரு பந்துக்கு 25 ஓவர்தான். 2025 ஜூலையில் மறுபடி மாற்றி, 34 ஓவர்வரை இரண்டு பந்து, அதற்குப் பிறகு அந்த இரண்டில் ஒன்றை மட்டும் தெரிந்தெடுத்து வீச வேண்டும் என்றார்கள். அந்த விதியின்படி நடந்த முதல் ஆண்கள் ஒருநாள் போட்டி நமது கெத்தாராம ஆர். பிரேமதாச மைதானத்தில், பங்களாதேஷுக்கு எதிராக நடந்தது.

பிங்க் பந்து வேறொரு தேவைக்குப் பிறந்தது. டெஸ்டை இரவில் நடத்த வேண்டும், ஆனால் உடை வெள்ளையாகவே இருக்க வேண்டும், பந்தும் 80 ஓவர் நிற்க வேண்டும். சிவப்புப் பந்து இரவில் கறுக்கும். வெள்ளைப் பந்து வெள்ளை உடையில் மறையும், அதோடு 80 ஓவர் தாங்காது. மஞ்சளையும் செம்மஞ்சளையும் அவுஸ்திரேலியாவின் உள்ளூர்ப் போட்டிகளில் முயன்று பார்த்தார்கள். செம்மஞ்சள் கமராவில் பின்னால் ஓர் ஒளித்தடத்தை இழுத்துக்கொண்டு போனது. கடைசியில் மிஞ்சியது பிங்க். சிவப்பைவிட வெளுத்தது, வெள்ளையைவிட இருண்டது. ஆகவே அது ஒரு சமரசம். வெளிச்சம் எப்படி இருந்தாலும் ஓரளவு தெரியும், எந்த வெளிச்சத்திலும் மிகச் சிறப்பாகத் தெரியாது. 2015 நவம்பர் 27 இல் அடிலெய்டில் அவுஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் ஆடிய முதல் பகலிரவு டெஸ்டில் பந்தின் தையல் பச்சையும் வெள்ளையுமாக இருந்தது. அந்தத் தையலைக் கண்டுபிடிக்கக் கஷ்டமாக இருக்கிறது என்று துடுப்பாட்ட வீரர்கள் முறையிட்ட பிறகு அடுத்த ஆண்டு கறுப்பு நூலுக்கு மாறினார்கள். தோலின் நிறம் சரியாக இருந்தாலும் தையல் தெரியாவிட்டால் பந்து எந்தப் பக்கம் சுழல்கிறது என்று பிடிக்க முடியாது.

இனி அந்திக்கு வருவோம். எனது கவலை முழுக்க அங்கேதான்.

கண்ணின் பின்திரையில் இரண்டு வகை உணரிகள் உண்டு. பகலில் வேலை செய்பவை நிறம் பார்க்கும். மங்கலில் வேலை செய்பவை நிறம் பார்க்காது, ஆனால் மிகக் குறைந்த வெளிச்சத்தையும் பிடிக்கும். சூரியன் இறங்கிய பிறகு இரண்டுமே அரைகுறையாக வேலை செய்யும் ஒரு நேரம் வரும். மங்கல் உணரிகளுக்குப் பச்சையும் நீலமும் நன்றாகத் தெரியும், சிவப்பு ஏறக்குறைய தெரியாது. அதனால் அந்த நேரத்தில் புல் வெளுத்தும், சிவப்புப் பந்து கறுத்தும் தோன்றும். இது நல்லதுதானே, வித்தியாசம் கூடுகிறதே என்று கேட்கலாம். புல்லில் உருளும் பந்துக்கு அது சரி. ஆனால் துடுப்பாட்ட வீரருக்குப் பக்கவாட்டில், பொயிண்டில் நிற்பவர் பந்தைப் பார்ப்பது புல்லுக்கு எதிரில் அல்ல. எதிர்ப் பக்கத்து மரங்கள், மதில், பார்வையாளர் கூட்டம், இவற்றுக்கு எதிரில். அவையெல்லாம் அப்போது கறுத்துப் போயிருக்கும். கறுப்புக்குள் ஒரு கறுப்பு.

பிங்க் பந்துக்கு நேர்மாறான இடத்தில் பிரச்சினை. அந்தியில் மேற்கு வானம் இன்னும் வெளுத்திருக்கும், காய்ந்த ஆடுகளமும் ஓரளவு வெளுத்திருக்கும். பிங்க் அந்த இரண்டின் வெளிச்ச அளவுக்கும் கிட்ட வந்துவிடும். துடுப்பாட்ட வீரர் பந்தைக் கையிலிருந்து துடுப்புவரை தொடர்ந்து பார்த்துக்கொண்டிருப்பதில்லை. வேகப்பந்துக்கு அவரது கண் முதலில் பந்தை விடும் கையில் நிற்கும், பிறகு பந்து குத்தப்போகும் இடத்துக்கு முன்கூட்டியே பாய்ந்துவிடும். ஆகவே அவருக்கு இரண்டு பின்னணி. முதலில் திரை, அப்புறம் ஆடுகளம். பிங்க் பந்து திரையில் நன்றாகத் தெரிந்து ஆடுகளத்தில் கரைந்தால், குத்திய பிறகு வருவதை அவர் பாதி ஊகத்தில்தான் ஆட வேண்டும். சிவப்பு, பச்சை பிரித்தறியச் சிரமப்படும் ஆண்களுக்கு இது இன்னும் கடினம். அவுஸ்திரேலிய விக்கெட் காப்பாளர் மத்தியூ வேட் அப்படிப்பட்டவர், பிங்க் பந்தில் தனக்கு உள்ள கஷ்டத்தை வெளிப்படையாகச் சொன்னவர். உங்கள் தொடரில் ஆடும் நூற்றுக்கணக்கான ஆட்டக்காரரில் அப்படிச் சிலர் இல்லாமல் இருக்க மாட்டார்கள். பலருக்குத் தங்களுக்கு அது இருப்பதே தெரியாது.

பிங்க் பந்தில் விக்கெட் சரிந்தால் உடனே வெளிச்சத்தின் மேல் பழி போடுவதும் சரியல்ல. 2020 டிசம்பரில் அடிலெய்ட் பகலிரவு டெஸ்டில் இந்தியா 36 ஓட்டத்துக்குச் சுருண்டது நல்ல பகல் வெளிச்சத்தில். பந்து எவ்வளவு அசைகிறது என்பது ஒரு கேள்வி, எவ்வளவு தெரிகிறது என்பது வேறு கேள்வி. நான் பேசுவது இரண்டாவதைப் பற்றி.

சென்ற பருவத்தில் நடந்த ஒரு போட்டியைச் சொல்கிறேன். மைதானத்தின் பெயர் வேண்டாம். 30 ஓவர் போட்டி, பகல் 1.30க்குத் தொடக்கம், ஒக்டோபர் மாதம். கடதாசியில் கணக்குச் சரியாகத்தான் இருந்தது. முதல் அணி 3.35க்கு முடிக்கும், 20 நிமிட இடைவேளை, இரண்டாம் அணி 6 மணிக்கு முடிக்கும். ஒக்டோபரில் கொழும்பில் சூரியன் மறைவதும் ஏறக்குறைய 6 மணிக்குத்தான். பின்னேர இடிமழை அரை மணி நேரம் எடுத்துக்கொண்டது. ஓவரைக் குறைக்க இரண்டு அணிக்கும் மனமில்லை. ஆக, கடைசி ஆறேழு ஓவர் 6 மணிக்கும் 6.30க்கும் இடையில் விழுந்தது. அந்த மைதானத்தில் விளக்கு இரண்டு கம்பத்தில், பயிற்சிக்குப் போட்டவை. அன்று கையில் இருந்ததும் பிங்க் பந்துதான். வெளிச்சம் போதாது என்று நானும் மற்ற நடுவரும் சொன்னபோது, "ஐயா, அதுக்குத்தானே இந்தப் பந்தை வாங்கினனாங்கள்" என்றார்கள். கதைத்துக்கொண்டிருக்கும்போதே இன்னும் ஓர் ஓவர் போனது. அந்த ஓவரில் பொயிண்டில் நின்ற பையனுக்குக் கன்னத்து எலும்பில் பட்டது.

அதைக் கணக்காகப் பாருங்கள். நன்றாக வெட்டி அடித்த பந்து மணிக்கு 100 கிலோமீற்றரில் போனால் வினாடிக்குக் கிட்டத்தட்ட 28 மீற்றர். பையன் 20 மீற்றர் தூரத்தில் நின்றான். பந்து அவனை அடைய 0.7 வினாடி. கை தூக்குவதற்கு மூளை எடுக்கும் நேரம் 0.2 வினாடிக்குக் குறையாது. கை வந்து சேர இன்னும் கொஞ்ச நேரம். பந்தை அவன் 0.2 வினாடி தாமதமாகக் கண்டால், பந்து அதற்குள் ஐந்தரை மீற்றர் கிட்ட வந்துவிட்டது. அவன் திறமையான பையன். அவனுக்கு மிஞ்சியிருந்த நேரத்தில் யாராலும் பெரிதாக எதுவும் செய்திருக்க முடியாது.

கிரிக்கெட் சட்டங்களில் 2ஆவது சட்டம் இதை நடுவர்களிடம் விட்டிருக்கிறது. வெளிச்சம் ஆபத்தானது அல்லது ஆடுவதற்கு நியாயமற்றது என்று இரண்டு நடுவரும் சேர்ந்து கருதினால் ஆட்டம் நிற்க வேண்டும். பந்தின் நிறம் இந்த அதிகாரத்தைக் குறைக்காது. இதை உங்கள் போட்டி விதிகளில் ஒரு வரியாக எழுதிவையுங்கள், களத்தில் வாக்குவாதம் குறையும். வெளிச்சம் கெடுவதற்கு முன்னால் களத்தடுப்பாளர்களே காட்டிக்கொடுப்பார்கள். முதல் அடி தவறான பக்கம் வைப்பார்கள். விக்கெட் காப்பாளர் கையுறையை விட்டு உடம்பால் பந்தை மறிக்கத் தொடங்குவார். ஸ்குவெயார் லெக்கில் நிற்கும் எனக்குப் பந்து குத்திய இடம் ஊகமாகிவிடும். இந்த மூன்றும் ஒரே ஓவரில் கண்டால் போதும்.

இப்போது நமது ஊரின் வானத்தைப் பற்றி. கொழும்பு நில நடுக்கோட்டுக்குக் கிட்ட இருப்பதால் இங்கே அந்தி சின்னது. சூரியன் மறைந்து கண் தெரியும் வெளிச்சம் போகும்வரை ஏறத்தாழ 21, 22 நிமிடம். அடிலெய்டில் நவம்பர் கடைசியில் அதுவே 28 நிமிடத்துக்குக் கிட்ட, அதுவும் இரவு 8 மணிக்குப் பிறகு. அங்கே அந்தி இரவு ஆட்டத்தின் நடுவில் வந்து உட்காருவதைத் தவிர்ப்பது கஷ்டம், அதனால் அவர்களுக்குச் சமரசப் பந்து தேவைப்பட்டது. நமக்கு அந்தி குறுகியது, மணி தவறாதது. நவம்பரில் சூரியன் 5.50 அளவில் மறையும், ஜூலையில் 6.30 அளவில். வருடம் முழுவதற்கும் வித்தியாசம் 40 நிமிடம்தான். இப்படி நேரம் தெரிந்த ஒன்றுக்காகப் பந்தை மாற்றுவதைவிட, அந்த நேரத்தில் ஆடாமல் இருப்பது சுலபம்.

கெத்தாராமவில் பகலிரவு ஒருநாள் போட்டி பெரும்பாலும் பகல் 2.30க்குத் தொடங்குவதைக் கவனித்திருப்பீர்கள். ஐம்பது ஓவருக்கு மூன்றரை மணி நேரம், முடியும்போது 6 மணி. அதற்குப் பிறகு அரை மணிக்குக் குறையாத இடைவேளை. ஓவர்கள் நேரத்துக்கு முடிந்தால் அந்தியின் பெரும்பகுதி அந்த இடைவேளைக்குள் போய்விடும். இரண்டாம் அணி மைதானத்துக்கு வரும்போது விளக்கு மட்டுமே வெளிச்சம்.

உங்களுக்கு இரண்டு வழி இருக்கிறது. நல்ல விளக்கு இல்லாத மைதானத்தில் சிவப்புப் பந்தோடு இருங்கள், வெள்ளைத் திரை போடுங்கள், கடைசி ஓவர் சூரியன் மறைவதற்கு 40 நிமிடம் முன்னால் முடியுமாறு காலை 11.30க்கோ 12க்கோ தொடங்குங்கள். வெயில் கடுமைதான், தண்ணீர் இடைவேளையைக் கூட்டுங்கள். மழை வந்தால் முடியும் நேரத்தை நீட்டாமல் ஓவரைக் குறையுங்கள், அதையும் நாணயச் சுழற்சிக்கு முன்பே அணித் தலைவர்களிடம் சொல்லிவிடுங்கள். நாற்புறமும் விளக்கு உள்ள மைதானம் கிடைத்தால் மாலை 6.45க்குப் பிறகு 20 ஓவர் போட்டியாக நடத்துங்கள், வெள்ளைப் பந்து, நிற உடை, கறுத்த திரையோடு. இருபது ஓவருக்குள் வெள்ளைப் பந்து தாங்காத அளவுக்கு அழுக்காகாது. ஒன்று மட்டும், பனி விழும். ஈரத்தில் பந்து பிடிபடாது, அதோடு ஈர மண் ஒட்டி வெள்ளை மங்கும். நடுவர் கையில் உலர்ந்த துண்டும், அதே ஓவர் அளவு பாவித்த மாற்றுப் பந்து இரண்டும் இருக்கட்டும்.

திரையைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. நமது மைதானங்கள் பலவற்றில் ஒரு முனையில் திரை இருக்கும், மறுமுனையில் வெள்ளையடித்த மதிலோ வானோ ஒழுங்கையோ இருக்கும். நிறம் பார்த்துப் பந்து வாங்கும் காசில் பாதிக்கு மறுமுனையில் ஒரு துணித் திரை கட்டலாம். எந்த நிறப் பந்தாக இருந்தாலும் துடுப்பாட்ட வீரருக்கு அதனால் கிடைக்கும் பயன் பெரிது.

பந்து வாங்குமுன் உங்கள் மைதானத்தில் ஒரு சோதனை செய்து பாருங்கள். செலவில்லை. கைத்தொலைபேசிக் கமராவைக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றுங்கள். மூன்று நிறத்திலும் பந்து எடுங்கள், ஒவ்வொன்றிலும் புதியது ஒன்று, 20 ஓவர் பாவித்தது ஒன்று. துடுப்பாட்ட வீரர் நிற்கும் இடத்தில் அவரது கண் உயரத்தில் கமராவைப் பிடித்து, எதிர் முனையில் ஒருவர் பந்து விடும் உயரத்தில் பந்தைத் தூக்கிப் பிடிக்கும்போது ஒரு படம், பந்து குத்தும் இடத்தில் ஆடுகளத்தின்மேல் வைத்து ஒரு படம். பிறகு பொயிண்டில் நின்று, துடுப்பு முனையில் பந்தைப் பிடித்து, பின்னால் எதிர்ப் பக்க மதில் தெரிய ஒரு படம். இதை 5 மணிக்கும், 5.45க்கும், சூரியன் மறைந்து பத்து நிமிடத்துக்குப் பிறகும் செய்யுங்கள். நிறம் போய்விட்டதால் படத்தில் மிஞ்சுவது வெளிச்ச வித்தியாசம் மட்டும். எந்தப் படத்தில் பந்தைத் தேட வேண்டியிருக்கிறதோ, அந்த நேரத்தில் அந்தப் பின்னணியில் அந்தப் பந்து ஆபத்து.

நான் எடுத்துப் பார்த்த மைதானத்தில் பிங்க் பந்து திரைக்கு முன்னால் நன்றாகத் தெரிந்தது, காய்ந்த ஆடுகளத்தின்மேல் பாவித்த பிங்க் பந்தைத் தேட வேண்டியிருந்தது. சிவப்பு, மர வரிசைக்கு எதிரில் 5.45க்கே போய்விட்டது. உங்கள் மைதானத்தில் ஆடுகள மண்ணும் சுற்று மதிலும் வேறாக இருக்கும், ஆகவே விடையும் வேறாக இருக்கலாம். இரண்டு விஷயத்தை மட்டும் மனதில் வையுங்கள். தொலைபேசி மங்கலான காட்சியைத் தானாக வெளிச்சமாக்கிவிடும், அதனால் படம் எவ்வளவு பிரகாசம் என்று பார்க்காதீர்கள், பந்துக்கும் பின்னணிக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் பாருங்கள். மற்றது, அந்தியில் மனிதக் கண்ணுக்குச் சிவப்பு, படத்தில் இருப்பதைவிட இன்னும் கறுப்பாகத் தெரியும். படத்திலேயே சந்தேகமாக இருந்தால் களத்தில் நிச்சயம் மோசம்.

இதற்குப் பிறகும் வெள்ளை உடையில், அந்தியைத் தாண்டி ஆட வேண்டும் என்று ஒரு குழு விரும்பினால் பிங்க் பந்தைப் பாவிக்கட்டும், கறுப்புத் தையல் உள்ளதாக வாங்கட்டும். ஆனால் சூரியன் மறைவதிலிருந்து 25 நிமிடத்தை இடைவேளையாக அட்டவணையிலேயே எழுதட்டும். பகலிரவு டெஸ்டுகளில் டுபாயில் 2017 இலும் பார்படோஸில் 2018 இலும் நமது அணி இதே பந்தில் வென்றிருக்கிறது, ஆடப் பழகியவர்களுக்கு அது ஆடக்கூடிய பந்துதான். அந்த மைதானங்களின் விளக்குகள் நம்மிடம் இல்லை என்பதுதான் வித்தியாசம்.

அட்டவணை அச்சுக்குப் போகுமுன் உங்கள் குழுவில் ஒருவரைத் தொலைபேசியோடும் ஆறு பந்தோடும் ஒரு பின்னேரம் மைதானத்துக்கு அனுப்புங்கள். கூப்பிட்டால் நானும் வருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் தொடர்களில் நிற்கும் நடுவர்களில் ஒருவன்
கொழும்பு